ஒரே வீடு, இரண்டு பேரேடு

திருப்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தொடங்கிய நிட்டிங் கம்பெனி ஒன்று. மகன்கள் தலையெடுத்த பிறகு தொடங்கிய கார்மென்ட்ஸ் கம்பெனி இன்னொன்று. இரண்டுமே பிரைவேட் லிமிடெட். நிட்டிங் கம்பெனி துணி ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறது. வரவேண்டியது சீக்கிரம் வந்துவிடும். கார்மென்ட்ஸ் கம்பெனியோ வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, பையர் பணத்துக்கு மூன்று மாதம் காத்திருக்கிறது. ஆனால் தையல்காரர்களுக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒருநாள் சின்ன மகன் நிட்டிங் கம்பெனியின் கணக்கருக்குப் போன் போடுகிறார். "அண்ணா, நம்ம கார்மென்ட்ஸ் அக்கவுன்டுக்கு முப்பத்தாறரை லட்சம் மாத்தி விட்டுருங்க. அப்பாகிட்டச் சொல்லிட்டேன். பையர் பணம் வந்ததும் திருப்பிடலாம்."

கணக்கர் மாற்றிவிடுகிறார். குடும்பத்துக்கு இது ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்ட சமாச்சாரம். சட்டத்தின் கண்ணுக்கு அப்படியில்லை. இரண்டு கம்பெனிகளும் இரண்டு தனி நபர்கள். ஒருவர் கடன் கொடுத்தவர், மற்றவர் வாங்கியவர். அவர்களுக்கு ஒரே அப்பா என்பது இந்தக் கடனை எளிதாக்குவதில்லை, கேள்விகளைத்தான் கூட்டுகிறது.

முதல் கேள்வி கம்பெனிச் சட்டத்திலிருந்து வருகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, தன் இயக்குநருக்கு அக்கறையுள்ள இன்னொரு கம்பெனிக்கு ஒரு கம்பெனி கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அப்பா இரண்டிலும் இயக்குநர் என்றால் இந்தப் பிரிவு கதவைத் தட்டும். அப்போது பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். வாங்கும் கம்பெனி அந்தப் பணத்தைத் தன் முக்கியத் தொழிலுக்கே செலவிட வேண்டும். அதை வைத்து இடம் வாங்கிப் போட முடியாது. சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கடன் கொடுக்கும் கம்பெனியின் பங்குகளில் வேறெந்த கம்பெனியும் பணம் போட்டிருக்கக் கூடாது. அது வங்கிகளிடமும் பிற கம்பெனிகளிடமும் வாங்கியுள்ள கடன், செலுத்திய பங்கு மூலதனத்தின் இரண்டு மடங்கு அல்லது 50 கோடி, இரண்டில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். தவணை பாக்கி இருக்கக் கூடாது. ஆண்டறிக்கைகளையும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். நம் நிட்டிங் கம்பெனியின் மூலதனம் 50 லட்சம். ஆக அதன் வங்கிக் கடன் ஒரு கோடியைத் தொட்டுவிட்டால் விலக்கு போய்விடும். புது மெஷின் வாங்கக் கடன் எடுத்த பல கம்பெனிகள் இந்தக் கோட்டைத் தாண்டியதே தெரியாமல் சிஸ்டர் கன்சர்னுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அடுத்து 186ஆம் பிரிவு. மூலதனமும் சேமித்து வைத்த இலாபமும் சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை இயக்குநர் குழுவே கடன் கொடுக்க முடிவு செய்யலாம். மூலதனம் 50, சேர்ந்த இலாபம் 28, மொத்தம் 78 லட்சம். அதில் 60 சதவீதம் 46 லட்சத்து 80 ஆயிரம். முப்பத்தாறரை லட்சம் அதற்குள் அடங்குகிறது. கூட்டத்துக்கு வந்த இயக்குநர்கள் எல்லோரும் சம்மதித்துத் தீர்மானம் போட்டால் போதும். ஆனால் இதே பிரிவுதான் வட்டியில்லாமல் கொடுக்காதே என்றும் சொல்கிறது. கடனின் காலத்துக்கு ஒத்த அரசுப் பத்திரத்தின் வருவாய் எவ்வளவோ, வட்டி அதற்குக் கீழே போகக் கூடாது. 2024 நடுவில் அது சுமார் 7 சதவீதம். நம் குடும்பம் 10 சதவீதம், தனி வட்டி என்று எழுதிக்கொள்கிறது.

சட்டம் கேட்காவிட்டாலும் வட்டி போடத்தான் வேண்டும் என்பேன். நிட்டிங் கம்பெனி வங்கியில் சிசி எடுத்து வட்டி கட்டிக்கொண்டே, சும்மா ஒரு கடன் கொடுத்திருந்தால், கட்டிய வட்டியில் அந்த அளவைச் செலவாக ஏற்க முடியாது என்று வருமான வரி அதிகாரி வெட்டுவார். தொழில் நிமித்தம் கொடுத்ததுதான் என்று நிரூபித்தால் தப்பலாம் என்று எஸ்.ஏ. பில்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிரூபிக்கும் பாரம் நம் தலையில்தான்.

இனி கணக்குக்கு வருவோம். பணம் போன நாள் 2024 ஜூலை 1. தொகை 36,50,000 ரூபாய். வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் 3,65,000. நாளொன்றுக்குச் சரியாக 1,000 ரூபாய். மனக்கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்றே இந்தத் தொகையை எடுத்தேன்.

நிட்டிங் கம்பெனியின் பேரேட்டில் கார்மென்ட்ஸ் பேரில் 36,50,000 பற்று. கார்மென்ட்ஸ் கம்பெனியின் பேரேட்டில் நிட்டிங் பேரில் 36,50,000 வரவு. தேதி, தொகை, பெயர் எல்லாம் ஒன்று. பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. கண்ணாடிப் பதிவு என்பது இதுதான். ஒரு பேரேட்டைப் பார்த்தாலே மற்றதில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 30 அன்று முதல் காலாண்டு வட்டி. ஜூலை 31 நாள், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30. மொத்தம் 92 நாள், 92,000 ரூபாய். இங்கேதான் கண்ணாடிக்குள் மூன்றாவது ஆள் நுழைகிறார். வட்டி கொடுக்கும் கம்பெனி அதில் 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ஆகவே கார்மென்ட்ஸ் கம்பெனியில் வட்டிச் செலவு 92,000 என்று எழுதி, நிட்டிங் பேரில் 82,800 வரவும், அரசுக்குக் கட்டவேண்டிய டிடிஎஸ் 9,200 வரவும் வைக்கிறார்கள். நிட்டிங் கம்பெனியில் வட்டி வருமானம் 92,000 என்று எழுதி, கார்மென்ட்ஸ் பேரில் 82,800 பற்றும், டிடிஎஸ் வரவேண்டியது 9,200 பற்றும் வைக்க வேண்டும். அந்த 9,200 இரண்டு பேரேட்டிலும் இருக்கிறது; ஆனால் அது இப்போது இரண்டு கம்பெனிகளுக்கும் இடையிலான பாக்கி அல்ல. ஒருவர் அரசாங்கத்துக்குத் தரவேண்டியது, மற்றவர் அரசாங்கத்திடம் வரியில் கழித்துக்கொள்ள வேண்டியது.

இதைப் புரிந்துகொள்ளாத இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நிட்டிங் கம்பெனியின் கணக்கர் வங்கியில் 82,800 வந்த அன்று அதையே வட்டி வருமானம் என்று எழுதிவிடுவார். வருமானம் 9,200 குறைந்துபோகும். கழிக்க வேண்டிய டிடிஎஸ்ஸும் கணக்கில் ஏறாது. ஆனால் வருமான வரித் தளத்தில் அந்தக் கம்பெனியின் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் 92,000 என்று நிற்கும். ஏனென்றால் பிடித்தவர் அப்படித்தான் கணக்குக் கொடுத்திருக்கிறார். அரசாங்கமே இரண்டு பேரேடுகளையும் ஒட்டிப் பார்க்கும் இடம் அது.

இன்னொன்று, "வட்டியை நாங்க இன்னும் கொடுக்கவே இல்லையே, எதுக்கு டிடிஎஸ்?" என்ற கேள்வி. கொடுத்த நாள், கணக்கில் வரவு வைத்த நாள், இரண்டில் எது முந்தியதோ அன்றே பிடித்தாக வேண்டும். நிட்டிங் பேரில் வைக்காமல் 'வட்டி கொடுபட வேண்டியது' என்று பொதுவான ஒரு தலைப்பில் வைத்தாலும் விடமாட்டார்கள். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். (2024-25க்கு ஆண்டு வட்டி 5,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம்; 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000.) ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம், கடன் வட்டிக்கு விலக்கு உண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், 92,000. ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள், 90,000. ஆண்டு வட்டி 2,74,000, டிடிஎஸ் 27,400. டிசம்பர் வரையிலான வட்டியைக் கார்மென்ட்ஸ் கொடுத்துவிட்டது. மார்ச் காலாண்டின் நிகர வட்டி 81,000 மட்டும் பாக்கி. அது போக, மார்ச் 29 சனிக்கிழமை அசலில் 7,30,000 ரூபாய்க்கு ஒரு காசோலையும் கொடுத்துவிட்டது.

ஏப்ரலில் ஆடிட்டர் இரண்டு கம்பெனிகளிடமும் நிலுவை உறுதிக் கடிதம் கேட்கிறார். நிட்டிங் கம்பெனி சொல்கிறது: மார்ச் 31 அன்று எங்களுக்கு வரவேண்டியது 37,31,900. கார்மென்ட்ஸ் சொல்கிறது: நாங்கள் கொடுக்க வேண்டியது 30,01,000. வித்தியாசம் 7,30,900 ரூபாய். ஒரே வீட்டுப் பணம்!

பதற வேண்டியதில்லை, பிரித்துப் பார்க்க வேண்டும். 7,30,000 கண்ணுக்கு உடனே தெரிகிறது. காசோலை எழுதிய அன்றே கார்மென்ட்ஸ் தன் கடனைக் குறைத்துக்கொண்டது. மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை, ஏப்ரல் 1 வங்கி ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். பணம் நிட்டிங் கணக்கில் ஏறியது ஏப்ரல் 2. இரண்டு பேரேடும் சரிதான். பணம் வழியில் இருந்தது. இதற்குத் திருத்தப் பதிவு எதுவும் போடக் கூடாது, சமன் செய்யும் தாளில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அந்த நாலு நாளுக்கு வட்டி உண்டா என்ற கேள்விக்கு ஒப்பந்தம் பதில் சொல்லியிருக்க வேண்டும். 'கொடுத்தவர் கணக்கில் பணம் ஏறும் நாள் வரை வட்டி' என்று ஒரு வாக்கியம் இருந்தால் சண்டை இல்லை. இந்தக் குடும்பம் அப்படித்தான் எழுதியிருந்தது.

மீதி 900 ரூபாய்தான் சுவையான விஷயம். 7,30,000 வித்தியாசத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 900 ரூபாய்க்கு ஒரு மத்தியானமே போகும். விசாரித்தால், கார்மென்ட்ஸ் கணக்கர் முதல் காலாண்டில் ஜூலை 1ஐ விட்டுவிட்டு 91 நாள் எண்ணியிருக்கிறார். வட்டி 91,000, டிடிஎஸ் 9,100, கொடுத்தது 81,900. நிட்டிங் கணக்கர் 92 நாள் எண்ணி 82,800 எதிர்பார்த்தார். ஒரு நாள் வட்டி 1,000. அதில் டிடிஎஸ் 100 போக 900. வித்தியாசத் தொகையில் டிடிஎஸ் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு நாள் வட்டிக்குச் சமமாகிறதா என்று முதலிலேயே பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

யார் எண்ணியது சரி? பணம் போன நாளைச் சேர்த்து, திரும்பி வந்த நாளை விடுவதுதான் பொதுவான முறை. இரண்டையும் சேர்ப்பதும் தவறு, இரண்டையும் விடுவதும் தவறு. ஆகவே கார்மென்ட்ஸ் மார்ச் 31 தேதியில் வட்டி 1,000 கூடுதலாக எழுதி, 100 டிடிஎஸ் பிடித்து, நிட்டிங் பேரில் 900 வரவு வைத்தது. பாக்கி 30,01,900 ஆனது. நாலாம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையிலும் அந்த 100 ஏறியது. நிட்டிங் கம்பெனியின் 26ஏஎஸ்ஸில் 2,73,000 என்று காட்டவிருந்த வட்டி 2,74,000 ஆயிற்று. நூறு ரூபாய்க்கா இத்தனை என்று முதலாளி சிரித்திருப்பார். வித்தியாசம் நூறானாலும் வரித்துறைக் கணினியில் பொருந்தாத வரி பொருந்தாத வரிதான்.

சிக்கல் இவ்வளவு எளிதாகப் பிரியாத வீடுகளும் உண்டு. நிட்டிங் கம்பெனிதான் கார்மென்ட்ஸுக்குத் துணி ஓட்டித் தருகிறது. எனவே கூலி பில் பாக்கியும் இவர்களுக்கு இடையில் ஓடுகிறது. டாலியில் ஒரே லெட்ஜரில் கடனையும் கூலியையும் போட்டுக் கலந்துவிட்டால், கார்மென்ட்ஸ் அனுப்பிய ஐந்து லட்சம் அசலுக்கா, கூலிக்கா என்று மூன்று மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. எதன் மேல் வட்டி கணக்கிடுவது? கடனுக்குத் தனி லெட்ஜர், கூலிக்குத் தனி லெட்ஜர் என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும். இரண்டு கம்பெனிக்கும் கணக்கு எழுதுபவர் ஒரே ஆள் என்றால் ஆபத்து கூடத்தான் செய்யும். ஒரு கம்பெனியில் பதிவு போட்டுவிட்டு, மற்றதைத் திறப்பதற்குள் வேறு வேலை வந்துவிடும். அவரே இரண்டு உறுதிக் கடிதங்களையும் அடித்து அப்பாவிடம் இரண்டு கையெழுத்து வாங்கிவிட்டால், அதில் உறுதி என்ன இருக்கிறது?

வட்டி போட்டதால் குடும்பத்துக்கு நட்டமா என்றும் பார்க்கலாம். இரண்டு கம்பெனியும் இலாபத்தில் ஒரே வரி விகிதத்தில் இருந்தால், ஒருவர் வருமானமாகக் காட்டியதை மற்றவர் செலவாகக் கழிப்பார், மொத்தத்தில் ஒன்றுமில்லை. கார்மென்ட்ஸ் அந்த ஆண்டு நட்டத்தில் போனால் கதை வேறு. அதன் வட்டிச் செலவு நட்டத்தோடு சேர்ந்து அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். நிட்டிங் கம்பெனியோ 22 சதவீத வரி, அதன்மேல் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 2,74,000க்குச் சுமார் 69,000 ரூபாய் இப்போதே கட்ட வேண்டும்.

அது சின்னத் தொகை. பெரிய பள்ளம் வேறொரு இடத்தில் இருக்கிறது. இரண்டு பேரேடும் பைசா சுத்தமாகப் பொருந்தினாலும் அதில் விழலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(22)(e) என்ற உட்பிரிவு அது. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், நம் கதை நடப்பது பழைய சட்டத்தின் காலத்தில்.) கடன் கொடுக்கும் குடும்பக் கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமையுள்ள ஒருவர், கடன் வாங்கும் கம்பெனியிலும் 20 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், கொடுத்த கடனை டிவிடெண்டாகக் கருது என்கிறது அது. அளவு, கொடுத்த கம்பெனியின் சேர்ந்த இலாபம் வரை.

நம் அப்பாவுக்கு நிட்டிங்கில் 40 சதவீதம், கார்மென்ட்ஸில் 30 சதவீதம். நிட்டிங்கின் சேர்ந்த இலாபம் 28 லட்சம். ஆகவே 28 லட்சம் அப்பாவின் வருமானம். அவர் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால் எட்டு லட்சத்துக்கு மேல் வரி. அவர் கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. இலாபத்தை டிவிடெண்டாகப் பிரித்து வரி கட்டாமல், கடன் என்ற பெயரில் பங்குதாரர்கள் வெளியே எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. அதன் வலையில், கெட்ட எண்ணமே இல்லாமல் வாரச் சம்பளத்துக்குப் பணம் மாற்றியவர்களும் விழுகிறார்கள்.

திருப்பிக் கட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. தாருலதா ஷ்யாம் வழக்கில் ஆண்டு முடிவதற்குள் கடன் அடைந்துவிட்டது. ஆனாலும் டிவிடெண்டுதான் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டி வாங்கினோமே, இது சலுகை இல்லையே என்ற வாதம் சில நேரம் எடுபட்டிருக்கிறது. அதை நம்பி முப்பத்தாறரை லட்சத்தை நகர்த்த நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். லெட்ஜரின் பெயரை 'அட்வான்ஸ்' என்று மாற்றுவதும் உதவாது. உண்மையான வியாபார முன்பணத்துக்கு இந்த விதி பொருந்தாது என்று வரி வாரியம் 2017இல் சுற்றறிக்கை விட்டது உண்மைதான். ஆனால் இங்கே வேலை கொடுப்பவர் கார்மென்ட்ஸ், வேலை செய்பவர் நிட்டிங். வேலை செய்பவர் வேலை கொடுப்பவருக்கு எதற்கு முன்பணம் தருவார்?

அதனால் பணத்தை மாற்றுவதற்கு முன்பு பார்க்க வேண்டிய முதல் தாள் பேரேடு அல்ல, இரண்டு கம்பெனிகளின் பங்குதாரர் பட்டியல். இரண்டிலும் இந்த வரம்பைத் தாண்டிய பொதுவான ஆள் இருந்து, கொடுக்கும் பக்கம் இலாபமும் சேர்ந்திருந்தால், வங்கிக் கடனே மலிவாக முடியலாம். அல்லது நிட்டிங் கம்பெனி வெளிப்படையாக டிவிடெண்ட் அறிவித்து, வரி கட்டிய பிறகு அப்பா தன் சொந்தப் பணத்தை இயக்குநர் என்ற முறையில் கார்மென்ட்ஸுக்குக் கடனாகத் தரலாம். அதிலும் வரி உண்டு. ஆனால் கையில் பணம் வந்த பிறகு கட்டும் வரி.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. இன்று ஒரே சமையலில் சாப்பிடுகிற அண்ணன் தம்பி நாளை பிரியலாம். பெரியவருக்கு நிட்டிங், சின்னவருக்குக் கார்மென்ட்ஸ் என்று பாகம் பிரிந்தால், இந்தக் கடன் முதல்முறையாக இரண்டு வீட்டுக்கு இடையிலான கடனாகிறது. கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி என்கிறது காலவரையறைச் சட்டம்; கேட்கும்போது தருவதாக வாங்கிய கடனுக்கும் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. ஆனால் அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். கையெழுத்தான இருப்புநிலைக் குறிப்பில் உள்ள பதிவே அப்படி ஒப்புக்கொண்டதாகலாம் என்று 2021இல் பிஷால் ஜெய்ஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே குறிப்புகளில் மறுப்பு ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னது. ஆகவே நிட்டிங் கம்பெனி தன் பேரேட்டில் 30 லட்சம் வரவேண்டும் என்று எத்தனை ஆண்டு எழுதி வைத்திருந்தாலும் அது போதாது. கார்மென்ட்ஸ் தன் இருப்புநிலைக் குறிப்பில் நிட்டிங்குக்கு இவ்வளவு தரவேண்டும் என்று காட்டி, சின்னவர் அதில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதைத்தான் பெரியவரின் வக்கீல் முதலில் தேடுவார். 'இதர கடன்கள்' என்று பெயர் சொல்லாத ஒரே மொத்தத் தொகையாகப் போட்டிருந்தால், அதற்குள் இந்தக் கடன் இருந்தது என்று காட்ட, வட்டிக்கு டிடிஎஸ் பிடித்த அறிக்கைகளையும் வருடா வருடம் வாங்கிய உறுதிக் கடிதங்களையும் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.